ஆளைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா? சாப்பாட்டுக் கடை ரோஸ்டர் பற்றி

கேள்வி: மட்டக்களப்பு நகரில் 44 இருக்கைகளுடன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். காலை 7 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். குசினியில் நாலு பேர், கேஷியர் இரண்டு பேர், வெயிட்டர்மார் ஐந்து பேர். வெயிட்டர்மார் நாளுக்கு 10 மணித்தியாலம், கிழமைக்கு 6 நாள் வேலை. மாத விற்பனை 20 லட்சம் ரூபாய், சம்பளமும் ஓ.ரி.யும் 6 லட்சம். மே மாதம் வாசலில் ஆள் எண்ணும் கருவி பூட்டினோம். என் தம்பி மூன்று மாதத்தையும் கூட்டிப் பிரித்து, "மணிக்குச் சராசரி 41 பேர்தான், இரண்டு வெயிட்டரை நிறுத்து" என்றான். இரண்டு கிழமை இரண்டு பேருக்கு லீவு கொடுத்துப் பார்த்தோம். மத்தியானம் நாளுக்கு ஏழெட்டுக் குழு மேசை கிடைக்காமல் திரும்பிப் போனது. ஆனால் மூன்று மணிக்கு இருந்தவர்களும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கருவியின் பதிவையும் பில் பதிவையும் அனுப்புகிறேன். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மத்தியானம் ஆள் போதாது, மூன்று மணிக்கு ஆள் மிச்சம். நீங்கள் கண்ட இந்த இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். உங்களிடம் ஆட்கள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர்கள் நிற்கும் நேரம்தான் பிழை. அதற்கு முன் இன்னொன்றைத் தெளிவாக்க வேண்டும். உங்கள் வெயிட்டர்மார் மாதச் சம்பளக்காரர்கள். மூன்று மணிக்கு ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் அவருடைய சம்பளம் குறையாது. ஆகவே ரோஸ்டரை எவ்வளவு அழகாகப் போட்டாலும் பணம் மிச்சமாகக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்கு மேலே நீங்கள் கொடுக்கும் ஓ.ரி. ஐந்து பேர் 60 மணித்தியாலம் வீதம் செய்தால் கிழமைக்கு 300. அதில் 225 வழமையான வேலை, 75 ஓ.ரி. மாதம் 39,000 ரூபாய்ச் சம்பளத்தை மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 200 ரூபாய் என்று வைத்தால், ஒன்றரை மடங்கு ஓ.ரி. 300 ரூபாய். கிழமைக்கு 22,500. மாதத்துக்கு 97,000க்கு மேல். தேட வேண்டிய பணம் இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு விடயமும் உண்டு. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஓ.ரி. கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. உங்களிடம் ஒவ்வொருவரும் 15 செய்கிறார்கள். செலவைப் பற்றி நீங்கள் கேட்காதிருந்தாலும் இதை மாற்றத்தான் வேண்டும்.

கருவி காட்டும் எண்

உங்கள் கருவி வாசலின் இரு பக்கமும் பூட்டி, ஒளிக்கதிர் மறைந்தால் ஒன்று கூட்டும் வகை. உள்ளே வருபவரையும் எண்ணும், வெளியே போபவரையும் எண்ணும். ஆகவே அது நாளுக்குக் காட்டும் 620 என்பது 310 பேர். மரக்கறி கொண்டுவருபவர், வெளியே போய் வரும் வேலையாட்கள் என்று ஏறத்தாழ 30ஐக் கழித்தால் 280. இதைப் பில்லோடு ஒத்துப் பார்த்தேன். நாளுக்கு 130 பில். அதில் பார்சல் 45, மேசை 85. ஒரு மேசைக்கு இரண்டு, மூன்று பேர் என்று வைத்தால் 220 பேர் வருகிறது. பார்சலோடு சேர்த்து 265. மிச்சம் பதினைந்து பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள். கணக்கு பொருந்துகிறது.

இரண்டு பதிவும் உங்களுக்குத் தேவை, ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு விதத்தில் பொய் சொல்லும். பில்லில் எண்ணிக்கை சரி, நேரம் பிழை. சாப்பிட்டு முடித்துக் காசு கொடுக்கும்போதுதான் பில் அடிபடுகிறது; ஆள் வந்து உட்கார்ந்தது அரை மணித்தியாலத்துக்கும் மேல் முந்தி. பில்லை மட்டும் பார்த்து ரோஸ்டர் போட்டால் மத்தியான ஆட்கள் ஒவ்வொரு நாளும் பிந்தித்தான் வந்து நிற்பார்கள். வாசல் கருவியில் நேரம் சரி, எண்ணிக்கை பிழை. குடும்பமாகத் தோளோடு தோள் சேர்ந்து வந்தால் நாலு பேரை இரண்டாகவும் எண்ணும். நேரத்தை வாசலிலிருந்து எடுங்கள், அளவைப் பில்லால் திருத்துங்கள்.

சராசரி எங்கே கவிழ்க்கிறது

தம்பியின் 41ஐத் திருத்தினால் மணிக்கு 19 பேர்கூட வராது. அவருடைய வாதம் இன்னும் பலமாகிவிட்டதுபோல் தெரியும். ஆனால் நாள் முழுவதையும் கூட்டிப் பிரித்த அந்த 19 பேர் உங்கள் கடைக்கு எந்த மணியிலும் வருவதில்லை. பின்னேரம் 3 மணிக்கு ஆறு பேர் வருகிறார்கள். 12 மணிக்கு அதைப்போல் ஆறேழு மடங்கு. சனி, ஞாயிறு, வெள்ளி ஒவ்வொன்றுக்கும் தனி உருவம்.

சரியான வழி, ஒவ்வொரு கிழமை நாளையும் ஒவ்வொரு மணியையும் தனித்தனியாக எடுப்பது. உதாரணமாக உங்கள் செவ்வாய்க்கிழமைகளில் 12 முதல் 1 மணி வரை. விடுமுறை வந்த ஒரு செவ்வாயை நீக்கிவிட்டால் பன்னிரண்டு எண்கள் இருக்கின்றன: 24, 28, 31, 33, 34, 35, 37, 40, 46, 46, 50, 52. சராசரி 38. அந்தச் சராசரிக்கு ஆள் போட்டால், பன்னிரண்டில் ஐந்து செவ்வாய்களில் ஆள் தட்டும். ஐந்தும் நல்ல வியாபாரம் நடந்த நாட்கள். எல்லாவற்றிலும் பெரிய 52க்குப் போட்டால் மற்ற நாட்களில் ஆள் சும்மா நிற்கும். நான்கில் மூன்று நாட்களைச் சமாளிக்கும் எண்ணை எடுப்பதுதான் இந்தத் தொழிலில் பொருந்தும். எக்செலில் அந்தப் பன்னிரண்டும் C2 முதல் C13 வரை இருந்தால்:

```
=PERCENTILE.INC(C2:C13,0.75)
```

விடை 46. சராசரி 38க்கும் 46க்கும் இடையில் எட்டுப் பேர்தானே என்று தோன்றும். அதை ஆள் கணக்காக மாற்றிப் பாருங்கள்.

அதற்கு உங்கள் கடைக்கே உரிய ஓர் அளவு வேண்டும்: ஒரு வெயிட்டர் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேரை ஓடர் எடுத்து, பரிமாறி, மேசை துடைத்து விடுவார்? வெளியூர்ப் புத்தகங்களில் இருக்கும் எண்ணை எடுக்க வேண்டாம். முறைப்பாடு இல்லாமல், மேசைகள் உடனுக்குடன் துப்புரவாகி ஓடிய மூன்று நான்கு மணித்தியாலங்களை உங்கள் பதிவிலேயே தெரிந்தெடுத்து, மேசை ஆட்களை வெயிட்டர் எண்ணிக்கையால் பிரியுங்கள். நீங்கள் அனுப்பியவற்றில் அது 14க்குப் பக்கத்தில் நிற்கிறது. மத்தியானம் வருபவரில் மூன்றில் ஒருவர் பார்சல். 46 பேரில் 15 பார்சல், 31 மேசை. 31ஐ 14ஆல் பிரித்தால் 2.2, அதாவது மூன்று வெயிட்டர், பார்சலுக்கு ஒருவர், மொத்தம் நாலு. சராசரி 38ஐ எடுத்திருந்தால் இரண்டு வெயிட்டரும் பார்சலுக்கு ஒருவருமாக மூன்று பேரோடு நின்றிருப்பீர்கள். அந்த ஒருவர் இல்லாததுதான் நீங்கள் இரண்டு பேருக்கு லீவு கொடுத்துப் பார்த்த கிழமைகளில் நடந்தது. கவனியுங்கள், 44 இருக்கையில் 31 பேருக்கு இடம் இருக்கிறது. திரும்பிப் போனவர்கள் இடமில்லாமல் போகவில்லை. எச்சில் கோப்பையோடு துடைக்காத மேசைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானத்தை மட்டும் கால் மணித்தியாலமாக வெட்டிப் பாருங்கள். கச்சேரி, வங்கி ஆட்கள் 12.15ஐ ஒட்டி ஒரே அலையாக வருகிறார்கள். பாடசாலை 1.30க்கு விட்டபின் ஆசிரியர்கள் இன்னோர் அலை. ஆகவே நாலாவது ஆள் 12க்கு வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கக்கூடாது, 11.30க்கு வந்து 2.30 வரை நிற்க வேண்டும்.

குசினிக்கு வேறு கடிகாரம்

வாசல் எண்ணிக்கையைப் பார்த்துக் குசினிக்கும் அப்படியே ஆள் போடுவது அடுத்து வரக்கூடிய தவறு. காலை 9 முதல் 11 வரை மணிக்குப் பன்னிரண்டு பேர்தான் வருகிறார்கள் என்று அங்கே ஒருவரைக் குறைத்தால் 12 மணிக்குச் சோறு இருக்கும், இரண்டு கறி இருக்காது. மத்தியானச் சாப்பாட்டின் வேலை எட்டரைக்குத் தேங்காய் திருவுவதில் தொடங்கி 11.30க்கு முடிகிறது. அதாவது சமையலுக்கு வாசல் கணக்கை மூன்று மணித்தியாலம் முன்னால் தள்ள வேண்டும். கோப்பை கழுவுபவருக்கு அரை மணித்தியாலம் பின்னால். கொத்து போடுபவருடைய நேரம் மட்டும் வாசலோடு ஒத்துப்போகும். கல்லுச் சத்தம் கேட்கத் தொடங்குவது ஆள் வந்து ஓடர் கொடுத்த பிறகுதான். அவர் காலையில் வந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்றால், அந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்து அவரைப் பின்னேரம் வரச் சொல்லலாம். குசினியில் இப்போதைக்கு இது போதும். முதலில் வெயிட்டர் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

எட்டும் ஐந்தும்

வார நாளொன்றுக்கு வேண்டிய ஆட்களை இப்படி எழுதலாம்: காலை 7 முதல் 11.30 வரை இரண்டு பேர், 2.30 வரை நாலு பேர், 4 மணி வரை ஒருவர், 7 மணி வரை இரண்டு பேர், 9 வரை மூன்று பேர், கடை பூட்டும் கடைசி மணிக்கு இரண்டு பேர். கூட்டினால் 36½ மணித்தியாலம். சனி, ஞாயிறுக்கு 42 வீதம். கிழமைக்கு 266½. இப்போது நீங்கள் காசு கொடுப்பது 300க்கு.

சட்டம் கிழமைக்கு ஒரு முழு நாளும் ஓர் அரை நாளும் லீவு கொடுக்கச் சொல்கிறது. பல முதலாளிமார் இந்த அரை நாளைத் தொல்லையாகப் பார்க்கிறார்கள். ரோஸ்டர் போடுபவருக்கு அது கையில் கிடைத்த வரம். ஐந்து நாள் எட்டு மணித்தியாலம், ஒரு நாள் ஐந்து மணித்தியாலம், ஆக 45. அந்த ஐந்து மணித்தியாலத் துண்டைப் பின்னேர நெரிசலில் நேராகப் பொருத்தலாம். ஐந்து பேரின் அரை நாளையும் திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒருவராக வையுங்கள். முழு லீவையும் அப்படியே அந்த ஐந்து நாட்களில் ஆளுக்கொரு நாளாகப் பிரியுங்கள், ஒருவருக்கு இரண்டும் ஒரே நாளில் விழாதபடி. அப்போது வார நாட்களில் நாலு பேர், சனி ஞாயிறில் ஐந்து பேர். வார நாள் ஒன்று இப்படி அமையும்:

- முதலாமவர்: 7 முதல் 4 வரை. 10 மணிக்கு அரை மணி, 2.30க்கு அரை மணி இடைவேளை. 4 முதல் 5 வரை ஒரு மணித்தியாலம் ஓ.ரி.
- இரண்டாமவர்: 7 முதல் 4 வரை. இடைவேளை 10.30க்கும் 3க்கும்.
- மூன்றாமவர்: 11.30 முதல் 2.30 வரை, பிறகு 5 முதல் 10 வரை.
- நான்காமவர் (அரை நாள்காரர்): 4 முதல் 9 வரை.
- பகுதிநேரம்: ஒருவர் 11.30 முதல் 2.30 வரை, இன்னொருவர் இரவு 7 முதல் 10 வரை.

மூன்றாமவருடைய உடைந்த நேரத்தைக் கவனமாகக் கொடுங்கள். கல்லடியிலோ நகருக்குள்ளேயோ இருப்பவருக்கு இடையில் வீட்டுக்குப் போய்ப் படுத்து எழும்பி வரலாம். களுவாஞ்சிகுடியிலிருந்தோ செங்கலடியிலிருந்தோ வருபவருக்கு அந்த இரண்டரை மணித்தியாலம் கடைப் பின்கட்டில் கழியும். இரவு பத்துக்குப் பிறகு வீடு போக முச்சக்கரவண்டிக் காசும் உங்கள் தலையில் விழும். தூரத்து ஆட்களைக் காலை நேரத்தில் போடுங்கள். யாருக்காவது இந்த நேரம் ஒத்துவரவில்லை என்றால் திணிக்க வேண்டாம். வேலை நேரத்தை மாற்றுவதற்கு அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பகுதிநேரத்துக்கு உயர்கல்வி மாணவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில்தான் இருக்கிறது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருவர் வர வேண்டுமென்றால் மணிக்கு 200 ரூபாய் போதாது. 250 கொடுங்கள், சாப்பாடும் கொடுங்கள். ஒன்று மறக்கக்கூடாது: பகுதிநேரம், நாட்கூலி என்று சொல்லி ஈ.பி.எப்., ஈ.ரி.எப். கட்டாமல் இருக்க முடியாது. முதலாளி பங்கு 12 வீதமும் 3 வீதமும், அவர்களுக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு.

இனிக் காசுக் கணக்கு. வார நாட்களில் ஓ.ரி. ஐந்து மணித்தியாலம். சனி ஞாயிறில் ஐந்து பேரின் 40 மணித்தியாலத்துக்கு மேல் இரண்டிரண்டு, ஆக நாலு. மொத்தம் 9, ரூபாய் 2,700. பகுதிநேரம் 30 மணித்தியாலம், 7,500. அதற்கு 15 வீதம் 1,125. கூட்டினால் 11,325. முன்பு கொடுத்தது 22,500. கிழமைக்கு 11,175 மிச்சம், மாதத்துக்கு ஏறத்தாழ 48,000.

நீங்கள் சொன்ன 6 லட்சத்தில் முதலாளி பங்கு ஈ.பி.எப்., ஈ.ரி.எப். சேரவில்லை. ஓ.ரி.க்கு அது இல்லை. மிச்சம் ஏறத்தாழ 5 லட்சத்துக்கு 75,000 வரும். ஆகவே உங்கள் உண்மையான ஆட்செலவு விற்பனையில் 30 வீதமல்ல, 33¾. புதிய ரோஸ்டரில் அது 31க்குப் பக்கத்தில் வரும். இதற்குக் கீழே இறக்க ரோஸ்டரால் முடியாது. அது விலையாலும் விற்பனையாலும் ஆகிற காரியம்.

நிறுத்தச் சொன்ன அந்த இரண்டு பேர்

தம்பியின் கணக்கில் இரண்டு பேரை நிறுத்தினால் மாதம் 78,000 சம்பளமும் அதற்குரிய 15 வீதமுமாக 90,000 மிச்சம். கடதாசியில் சரி. மூன்று பேரின் வழமையான நேரம் கிழமைக்கு 135. தேவை 266½. மிச்சம் 131½ மணித்தியாலத்தை மூன்று பேர் ஓ.ரி. செய்தால் ஆளுக்கு 44. சட்டம் விடுவது 12. ஓ.ரி. இல்லாமல் சமாளித்தால் மத்தியானக் குழுக்கள் திரும்பும். உங்கள் சராசரி பில் 510 ரூபாய். சாமான் செலவு போக 300 என்று வைத்தால், நாளுக்கு ஏழு குழு, மாதத்தில் 26 நாள் என்று 54,600 ரூபாய். திரும்பிப் போனவர்கள் அடுத்த கிழமை வராமல் விடுவதை இதில் சேர்க்கவில்லை.

சட்டப் பக்கமும் ஒரு சின்னத் திருத்தம். 15 பேருக்குக் குறைவான கடை என்றால் எவரையும் நிறுத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வேலைநிறுத்தலுக்கு முன் தொழில் ஆணையாளரின் அனுமதி கேட்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் உங்களைப் போன்ற 11 பேர் கடைக்குப் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அங்கே உங்களிடம் காரணம் கேட்பார்கள். "மணிக்குச் சராசரி 41" என்பது அங்கே எடுபடாது.

ஓடத் தொடங்கிய பிறகு

புதிய ரோஸ்டரை ஏழு நாள் முன்னதாகச் சுவரில் ஒட்டுங்கள். முதல் மூன்று கிழமை ஒவ்வொரு நாளும் இரண்டு எண்களை மட்டும் எழுதுங்கள்: வந்த ஆட்கள், வெயிட்டர்மார் உண்மையாக நின்ற மணித்தியாலம். 280ஐ 36ஆல் பிரித்தால் 7.8. இது ஆறரைக்கு இறங்கினால் எங்கோ மணித்தியாலம் ஒழுகுகிறது. பெரும்பாலும் அது இரவு பத்துக்குப் பிறகுதான்: பூட்டும் வேலை 10.45 வரை இழுபட்டு, இரண்டு பேருக்கு முக்கால் மணித்தியாலம் வீதம் ஓ.ரி. ஏறும். 9 மணிக்குப் பின் வரும் பத்துப் பேரைக் கடையின் ஒரு பக்கத்தில் இருத்தி, மற்றப் பக்கத்தை அப்போதே கூட்டித் துடைத்துவிட்டால் இது நிற்கும். 7.8 ஒன்பதைத் தாண்டினால் சந்தோஷப்படாமல் மத்தியானம் வாசலில் நின்று பாருங்கள். யாரோ மேசை கிடைக்காமல் போகிறார்கள்.

கடைசியாக, உங்கள் மூன்று மாதமும் மே, ஜூன், ஜூலை. வெயில் காலம், பாசிக்குடாவுக்குப் போகும் சுற்றுலாக்காரர்கள் நகரைத் தொட்டுப் போகும் காலம். மாமாங்கத் திருவிழா நாட்கள் வந்திருந்தால் அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் அந்த நாட்களுக்கு உதவும், சாதாரண நாட்களில் கலந்தால் கணக்கைக் கெடுக்கும். காத்தான்குடி, ஏறாவூர் வாடிக்கையாளர் அதிகமென்றால் வெள்ளி மத்தியான அலை ஜும்ஆவுக்குப் பிறகு, 1 மணி தாண்டித்தான் வரும். நோன்பு மாதத்துக்குத் தனி ரோஸ்டரே வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால் போன வருடத் திகதியை அப்படியே பார்க்க முடியாது. நவம்பரில் மழை பிடித்ததும் பின்னேரக் கூட்டத்தை இந்த ஜூலைக் கணக்கால் அளக்க வேண்டாம். பகுதிநேர இரவு ஆளிடம் இப்போதே சொல்லி வையுங்கள், மழைக் காலத்தில் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை இருக்கும் என்று. ஒக்டோபர் கடைசியிலிருந்து நாலு கிழமைப் பதிவை மட்டும் எடுத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.